நாரை அதிகமானால் குழந்தைப் பிறப்பும் அதிகமாகுமா? ஒரு கோடு சொல்வதும் சொல்லாததும்

குழந்தை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், ‘நாரை கொண்டுவந்து போட்டது’ என்று சொல்லிச் சமாளிப்பது ஐரோப்பியக் குடும்பங்களின் பழைய வழக்கம். அங்கே வீட்டுக் கூரையிலும் புகைபோக்கியிலும் கூடு கட்டும் செங்கால் நாரைதான் அந்தக் கதையின் நாயகன். இந்தக் கதைக்குப் புள்ளிவிவர ஆதாரம் இருக்கிறதா என்று ராபர்ட் மேத்யூஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2000-ம் ஆண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். புள்ளியியல் கற்பிப்பவர்களுக்கான ஓர் இதழில் அது வெளியானது. இன்றும் பல வகுப்பறைகளில் அவருடைய வரைபடம் கரும்பலகைக்கு வருகிறது. வேடிக்கையாகத் தொடங்கும் பாடம்தான். ஆனால், இதே தவறு மருத்துவத்தில் நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மேத்யூஸ் எடுத்துக்கொண்டது 17 ஐரோப்பிய நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை ஜோடி நாரைகள் இருக்கின்றன என்பது படுக்கைக் கோட்டில். ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்பது நிற்கும் கோட்டில். ஒரு நாட்டுக்கு ஒரு புள்ளி. இதுதான் சிதறல் வரைபடம். புள்ளிகள் மொத்தத்தில் இடமிருந்து வலமாக மேலே ஏறுகின்றன. ஒட்டுறவுக் கெழு 0.62. இது +1 என்றால் எல்லாப் புள்ளிகளும் ஏறும் கோடு ஒன்றின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 0 என்றால் நேர்கோட்டு உறவே இல்லை. எனவே 0.62 என்பது தள்ளிவிடக்கூடிய எண் அல்ல. உறவே இல்லாத நிலையில், 17 புள்ளிகள் தற்செயலாக இவ்வளவு பலமாக ஒத்துப்போக 1,000-ல் 8 வாய்ப்புதான். ‘தற்செயல்’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

அடுத்து, புள்ளிகளின் நடுவே ரெக்ரஷன் கோடு வரையப்படுகிறது. பாடநூல் தமிழில் தொடர்புப் போக்குக் கோடு. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ, அதுவே அந்தக் கோடு. இங்கே கிடைப்பது இது:

பிறப்புகள் (ஆயிரத்தில்) = 225 + 0.029 × நாரை ஜோடிகள்

அதாவது, ஒரு ஜோடி நாரை கூடினால் ஆண்டுக்கு 29 குழந்தைகள் கூடுதல் என்று படிக்கத் தோன்றும். ஆபத்து அந்தப் படிப்பில்தான் இருக்கிறது. கோடு சொல்வது, நாரை அதிகமுள்ள நாடுகளில் சராசரியாகப் பிறப்பும் அதிகம் என்பதை மட்டுமே. ஒரு நாட்டில் புதிதாக ஒரு ஜோடியைக் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு அச்சுகளையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒட்டுறவு அதே 0.62-தான். குழந்தைகள்தாம் நாரையை வரவழைக்கின்றன என்றும் அதே எண்ணைக் காட்டி வாதிடலாம். வீடு பெருகினால் புகைபோக்கியும் பெருகுமே!

சரி, கோட்டை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்க்கலாம். இத்தாலியில் இருந்தது 5 ஜோடி நாரைதான். கோட்டின்படி அங்கே சுமார் 2.25 லட்சம் குழந்தைகள் பிறக்க வேண்டும், பிறந்ததோ 5.51 லட்சம். போலந்தில் 30,000 ஜோடிகள். கோடு சொல்வது கிட்டத்தட்ட 10.9 லட்சம், உண்மை 6.1 லட்சம். பெரும்பாலான புள்ளிகள் இடது மூலையில் குவிந்து கிடக்க, போலந்தும் துருக்கியும் மட்டும் வலது ஓரத்தில் தனியாக நிற்கின்றன. இப்படி ஓரத்தில் நிற்கும் புள்ளிகள் நெம்புகோல் மாதிரி. கோட்டைத் தம் பக்கம் இழுத்துவிடும். இந்த இரண்டு நாடுகளை நீக்கிவிட்டு மிச்சம் 15-க்குக் கணக்குப் போட்டால் ஒட்டுறவு 0.16-க்கு இறங்கிவிடுகிறது. கெழுவை மட்டும் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டாதவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதனால்தான்.

ஆனாலும் அந்த இரண்டு நாடுகளும் பொய்யானவை அல்ல. பிடிக்காத புள்ளியைத் தூக்கிப்போடுவது நேர்மையும் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி, அவை ஏன் அங்கே நிற்கின்றன என்பது. விடை நாட்டின் பரப்பளவில் இருக்கிறது. பெரிய நாட்டில் நாரைக்கும் இடம் அதிகம், மனிதருக்கும் இடம் அதிகம். பரப்பு என்ற மூன்றாவது ஆள் திரைக்குப் பின்னால் இருந்து இரண்டு எண்களையும் சேர்த்து உயர்த்துகிறது. இதையும் சோதிக்கலாம். நாரை, பிறப்பு இரண்டையும் பரப்பளவால் வகுத்து, 1,000 சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மீண்டும் வரைந்தால் கோடு கீழ்நோக்கிச் சாய்கிறது. ஒட்டுறவு சுமார் −0.25. நாரையே இல்லை என்று சொல்லத்தக்க நெதர்லாந்தும் பெல்ஜியமும் இப்போது பிறப்பில் முதலிரண்டு இடங்களில். அதற்காக, ‘நாரை பிறப்பைக் குறைக்கிறது’ என்று கிளம்பிவிடக் கூடாது. இதுவும் வெறும் ஒட்டுறவுதான், அதுவும் பலவீனமானது.

நாரை விஷயத்தில் மூன்றாவது ஆளைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் கதையே அபத்தம் என்று முன்பே தெரியும். நம்பத்தகுந்த கதையாக இருந்தால்? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று 1990-களில் பல மருத்துவர்கள் நம்பினார்கள். அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் இதய நோய் ஆபத்து எடுக்காதவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதியாகத் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் நல்ல கொழுப்பைக் கூட்டுகிறது என்பதும் உண்மை என்பதால், கதை கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுவரையிலான 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை, மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைப் பெண்ணோ மருத்துவரோ தேர்ந்தெடுக்கவில்லை. 2002-ல், சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது, அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 10,000 பெண்களில் இதய நோய்க்கு ஆளானவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் 30, ஹார்மோன் பிரிவில் 37. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும்கூட ஹார்மோன் பிரிவில்தான் அதிகம்.

முதல் ஆய்வில் எண்கள் தப்பாகப் பதிவாகவில்லை. அங்கே மாத்திரை எடுப்பதா வேண்டாமா என்பது பெண்களின் சொந்த முடிவு. தானாகக் கேட்டு வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாக வசதியும் படிப்பும் கூடியவர்கள், மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவர்கள். நாரைக் கதையில் பரப்பளவு செய்த வேலையை இங்கே இவை செய்தன. வருமானத்தையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் சேர்த்துத் திருத்தலாம். அளக்காமல் விட்ட ஒன்றை எப்படித் திருத்துவது? குலுக்கல் அதைத்தான் செய்கிறது. அளந்தது, அளக்காதது எல்லாவற்றையும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது.

அதோடு முடியவில்லை. குலுக்கல் ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. செவிலியர்களில் பலரோ மாதவிடாய் நின்ற உடனேயே மாத்திரையைத் தொடங்கியவர்கள். பின்னாளில் அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இதய ஆபத்து அதிகம் கூடியது தாமதமாகத் தொடங்கியவர்களிடம் என்று தெரிந்தது. எனவே இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் ஒரு பகுதி, தொடங்கிய வயதால் வந்தது. வெப்பத் தாக்கம், இரவு வியர்வை போன்ற தொல்லைகளுக்காக இன்றும் ஹார்மோன் சிகிச்சை தரப்படுகிறது. மாரடைப்பைத் தடுக்க என்று மட்டும் இப்போது யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.