கால்களை எண்ணும் முன் கைகளைப் பாருங்கள்

கடந்த பருவத்தில், எங்கள் பல்கலைக்கழக விடுதிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியில் நான் நடுவராக நின்றேன். கடைசி நிமிடத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் வீரர் வலப்பக்கமாகப் புகுந்து லே-அப் போட்டார். பந்து கையை விட்டுப் போகுமுன்னே பார்வையாளர்கள் "டிராவலிங்!" என்று கத்தினார்கள். நானும் விசில் ஊதினேன். புள்ளி கிடைக்கவில்லை, அந்த அணி தோற்றது. அன்றிரவு நண்பரின் கைப்பேசியில் காணொளியைப் பார்த்தபோதுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது.

அவர் கால்கள் இடது, வலது, இடது என்று மூன்று முறை தரையைத் தொட்டன உண்மைதான். ஆனால், பந்து அவர் கைகளுக்குள் அடங்கிய கணத்தில் முதல் இடது கால் ஏற்கெனவே தரையில் இருந்தது. அனைத்துலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா 2017 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதிப்படி, ஓடிக்கொண்டிருக்கும் வீரருக்கு அந்தக் கால் கணக்கில் சேராது, அது பூச்சியம். அடுத்த வலது ஒன்று, இடது இரண்டு. அதற்குள் பந்தை எறிந்துவிட்டார். குற்றமே இல்லை. பந்து அடங்கியபோது அவர் இரு கால்களும் அந்தரத்தில் இருந்திருந்தால்தான் அந்த மூன்றாவது தொடுதல் டிராவலிங் ஆகியிருக்கும்.

எனவே எல்லாம் பந்து அடங்கும் கணத்தைப் பொறுத்தது. இங்குதான் பல நடுவர்கள் சறுக்குகிறோம். இரண்டு கைகளும் பந்தைப் பிடித்த பிறகே எண்ணத் தொடங்குகிறோம். விதி அப்படிச் சொல்லவில்லை. இரு கைகளும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டாலும், ஒரே கையில் பந்து தங்கினாலும் டிரிபிள் முடிந்துவிடுகிறது. உள்ளங்கையில் பந்தை ஏந்தியபடி ஓர் அடி வைத்து, பிறகு மறுகையைச் சேர்த்து மேலும் இரண்டு அடி வைப்பவர், ஓர் அடியைத் திருடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க நான் இப்போது ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். அந்தத் தொடுதலுக்குப் பிறகு அவர் மீண்டும் பந்தைத் தரையில் தட்டியிருந்தால், டபுள் டிரிபிள் என்று ஊதியிருப்பேனா? "ஆம்" என்றால் டிரிபிள் அங்கேயே முடிந்தது. அடிகளை அங்கிருந்தே எண்ண வேண்டும். "இல்லை" என்றால் எண்ணிக்கை இன்னும் தொடங்கவில்லை. இரு குற்றங்களுக்கும் எல்லைக்கோடு ஒரே கணம்தான். ஒன்றுக்கு முன்னேயும் மற்றொன்றுக்குப் பின்னேயும் அதை நகர்த்திக்கொள்ள வீரருக்கும் உரிமையில்லை, நடுவருக்கும் உரிமையில்லை.

பூச்சிய அடி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று குறைப்படும் பழைய ஆட்டக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கெடுத்தது விதியன்று, கால்களை மட்டும் பார்க்கும் நம் கண்கள். அன்று தோற்ற அணியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். புள்ளியைத் திருப்பித்தர என்னால் முடியவில்லை.