நான்காவது எண் வீணல்ல

அறுகோணப் படிகத்தின் நான்கு எண் குறியீட்டில் h, k தெரிந்தால் i = −(h+k); பிறகு அதை எதற்கு எழுதுவது என்று கேட்கிறார் நண்பர். கணக்கு சரி, முடிவு தவறு.

மெக்னீசியப் படிகத்தில் (110), (1-10) தளங்களைப் பாருங்கள். கனசதுரப் படிகத்தில் இரண்டும் ஒரே குடும்பம். பழகிய கண் இங்கும் அப்படியே நம்பிவிடும். நான்கு எண்ணில் எழுதினால் ஒன்று (11-20), மற்றது (1-100). இரண்டாவதுதான் (10-10), அதாவது (100), தளத்தின் உடன்பிறப்பு. முதல் மூன்று எண்களை இடம் மாற்றினாலே போதும். முதலாவது வேறு குடும்பம். மூன்று எண்ணில் இந்த உறவு மறைந்துபோகிறது.

திசைகளில்தான் உண்மையான ஆபத்து. தளத்துக்குச் செய்வதுபோல [100] திசையில் −1-ஐச் செருகி [10-10] என எழுதுவது பலர் செய்யும் பிழை. அது 30 பாகை விலகிய வேறு திசை. u = (2U−V)/3, v = (2V−U)/3, t = −(u+v) என மாற்றினால் கிடைப்பது [2-1-10]. மெக்னீசியம் எளிதாக வழுக்குவது இத்திசைக் குடும்பத்தில்தான்.