அப்பாவின் கால், மகனின் கையெழுத்து

மருத்துவ நெறிமுறைத் தேர்வானாலும் சரி, சட்டக் கல்லூரித் தேர்வானாலும் சரி, இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேஷத்தில் வந்துவிடும்:

62 வயதுப் பெரியவர். பல வருடமாகச் சர்க்கரை வியாதி. வலது கால் விரல்கள் கறுத்து அழுகிவிட்டன. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பெரியவர் மாட்டேன் என்கிறார். மகன் டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது சார். நான் கையெழுத்துப் போடறேன், நீங்க ஆபரேஷன் பண்ணிடுங்க" என்கிறார். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

கைமாறிக் கைமாறி வரும் ஜெராக்ஸ் நோட்ஸ்களில் இதற்கு ஒரு ரெடிமேட் விடை உண்டு. "நெருங்கிய உறவினரின் எழுத்துபூர்வ சம்மதம் பெற்று அறுவை சிகிச்சை செய்யலாம்." சுத்தத் தவறு. பரீட்சைக்கு மட்டும் தவறு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இதை மனப்பாடம் செய்தவர்தான் நாளைக்கு அந்த வராந்தாவில் நிற்கப் போகிறார்!

இந்த விடை வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் 7.16 என்று ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கணவர் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளியே, சந்தர்ப்பத்துக்கு ஏற்ப எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்கிறது அது. வரிசையைக் கவனியுங்கள். உடம்புக்குச் சொந்தக்காரர் கடைசியில் வருகிறார்! நோட்ஸ் எழுதியவர் முதல் பாதியைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் போல :-)

பி.காம் படிப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அப்பா பெயரில் இருக்கும் வீட்டை, அவர் திடமாக உட்கார்ந்திருக்கும்போது, மகன் கையெழுத்துப் போட்டு விற்க முடியுமா? பத்திரப் பதிவு அலுவலகத்தில் சிரிப்பார்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அவருக்கு அது புரிகிறதா, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று எடைபோட முடிகிறதா? வீட்டுக்கு இருக்கிற இந்த மரியாதை காலுக்கு இல்லையா? (ஒரே ஒரு வித்தியாசம். ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்கினால் நஷ்டஈடு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர் தியேட்டர் வாசலில்கூட வேண்டாம் என்று சொல்லலாம்.)

ஆகவே விடையின் முதல் வரியில் மகன் வரவே கூடாது. பெரியவருக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இருக்கிறதா என்பதில்தான் தொடங்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. அது மனநல சிகிச்சைக்காக எழுதப்பட்டது. ஆனால் யோசிக்கும் முறை இங்கேயும் உதவும். சொன்னது புரிகிறதா, விளைவு என்னவென்று உணர்கிறாரா, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா? அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வித்தாளின் பொறி இங்கேதான் இருக்கிறது. "காலை எடுக்காவிட்டால் செத்துப்போவார், மறுக்கிறார், எனவே திறன் இல்லை" என்று எழுதுபவர் வட்டமடிக்கிறார். டாக்டரோடு ஒத்துப்போனால் புத்தி தெளிவு, மறுத்தால் தெளிவில்லை என்றால் அப்புறம் சம்மதம் எதற்குக் கேட்க வேண்டும்?

எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவரிடம், "நான் சொன்னதை உங்க வார்த்தையிலே சொல்லுங்க ஐயா" என்று கேட்க வேண்டும். "எடுக்கலேன்னா விஷம் ஏறி செத்துடுவேன்னு சொன்னீங்க. தெரியும். என் தம்பி ஒத்தைக் காலோட பட்ட பாட்டை நான் பார்த்தவன். எனக்கு வேண்டாம்" என்றால் திறன் இருக்கிறது. "என் கால் நல்லாத்தானே இருக்கு, இது ஆஸ்பத்திரியே இல்ல, கல்யாண மண்டபம்" என்றால் யோசிக்க வேண்டும். அப்போதும் மகனிடம் ஓடக் கூடாது. கால் அழுகும்போது கிருமி ரத்தத்தில் ஏறி, காய்ச்சலில் மனசு குழம்பலாம். சர்க்கரை இறங்கினாலும் குழம்பலாம். உயிருக்கு அவகாசம் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, தெளிந்ததும் மறுபடி கேட்க வேண்டும். திறன் என்பது ஆளுக்கு ஒட்டும் லேபிள் இல்லை. அந்த முடிவுக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

இது வெறும் கற்பனை என்பவர்களுக்கு இங்கிலாந்தில் 1993-ல் தீர்ப்பான ஒரு வழக்கு. பிராட்மூர் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரர், வழக்கில் பெயர் வெறும் 'சி'. மனச்சிதைவு நோயாளி. தன்னையே பெரிய மருத்துவ மேதை என்று நம்பியவர். கால் அழுகியது. எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம்தான் என்றார் அறுவை மருத்துவர். அவர் மறுத்தார். நோயைப் பார்க்காமல், இந்த முடிவைப் புரிந்துகொண்டு நம்பி எடைபோட்டாரா என்று மட்டும் பார்த்தது நீதிமன்றம். அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் காலை எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

நம் நாட்டில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கு இருக்கிறது. 1995-ல், டெல்லியில், 44 வயதுப் பெண் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்தார். அந்த நேரத்தில் வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே விழித்துப் பதில் சொல்லியிருப்பார். அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நோயறியச் சொன்ன சம்மதம் சிகிச்சைக்கு நீளாது. 25,000 ரூபாய் இழப்பீடு, ஃபீஸும் கிடையாது. (தொகை பரிதாபம்தான், அது தனிச் சண்டை.) மயக்கத்தில் இருக்கும்போது உறவினர் சம்மதம் போதும் என்று இதன் பிறகும் எழுதுபவர்களை என்ன சொல்வது? உயிர் போகிற அவசரம் என்றால் சம்மதத்துக்குக் காத்திராமல் டாக்டர் செய்யலாம். அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும்.

சரி, ரகசியம் எங்கே வருகிறது? மகன் டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாரே, அங்கேயே. பெரியவரைக் கேட்காமல் "காலை எடுக்கணும், சர்க்கரை இவ்வளவு" என்று மகனிடம் டாக்டர் சொன்ன நிமிஷத்திலேயே ரகசியம் உடைந்துவிட்டது. கேள்வியில் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மகன் சொல்வதை டாக்டர் கேட்டுக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. திருப்பிச் சொல்லத்தான் அப்பாவின் அனுமதி வேண்டும். அதே 2002 விதிகளில் 7.14, நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்று சில விலக்குகளைத்தான் தருகிறது. பாசம் அந்தப் பட்டியலில் இல்லை. அழுகிய கால் யாருக்கும் தொற்றி மகனைக் கொல்லப் போவதும் இல்லை.

ஆக, முழு விடையில் டாக்டர் அறைக்குள் திரும்பிப் போக வேண்டும். "உங்க பையன் பேசணும்ங்கிறார், அவர் முன்னாடி சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, செயற்கைக் கால் எப்படி என்று மறுபடி சொல்ல வேண்டும். அப்பவும் மாட்டேன் என்றால் அதைத் தேதியோடு எழுதி, ஆன்டிபயாட்டிக், கட்டு, வலிக்கு மருந்து என்று அவர் ஒத்துக்கொள்வதைச் செய்ய வேண்டும். கோபித்துக்கொண்டு டிஸ்சார்ஜ் சீட்டு கிழிப்பது விடையில் சேராது. நாளைக்குக் காலையில் மறுபடி கேட்கலாம். அவரும் மனசு மாறலாம். கையெழுத்துப் போடப் பேனாவோடு வந்த மகனுக்கு அறைக்குள் அப்பா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடலாம், அப்பா சரி என்றால்.