மணியின் விலை: ஒயிட்ஃபீல்டு பட்டறையும் பாடநூல் வாய்பாடும்

ஒயிட்ஃபீல்டு என்றால் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அதை ஒட்டிய மகாதேவபுரம், ஹூடி வட்டாரங்களில் உலோகத்தைக் கடைந்தும் துளையிட்டும் பாகங்களாக்கித் தரும் சிறு பட்டறைகளும் இயங்கிவருகின்றன. இத்தகைய பட்டறையின் முதலீட்டில் பெரும்பகுதி, வி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓரிரு இயந்திரங்களில் முடங்கியிருக்கும். ஆணைகள் குவியும் மாதத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதே உரிமையாளரின் முதற்கேள்வி. அடக்கவிலைக் கணக்கியல் படிக்கும் மாணவருக்கு விடை தெரியும்: இயந்திர மணிக்கு எது அதிகப் பங்களிப்பைத் தருகிறதோ, அதை முதலில் செய்ய வேண்டும். விதி சரியானது. ஆனால் வகுப்பறைகளில் அது கற்பிக்கப்படும் விதத்தில், விதியின் உயிர்நாடியான ‘மணி’ அளக்கப்படுவதே இல்லை. வினாத்தாளில் அந்த எண் ஆயத்தமாக அச்சிடப்பட்டு வந்துவிடுகிறது.

விளக்கத்திற்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு வி.எம்.சி.; மாதத்தில் 400 மணி நேரம் ஓடும். மூன்று பாகங்களுக்கு ஆணை உள்ளது. அலுமினியக் கூடு ஒன்றின் விலை 2,400 ரூபாய். மூலப்பொருள், வெட்டுகருவித் தேய்மானம், வெளியே கொடுத்துப் பூச்சிடும் கூலி முதலிய மாறுபடும் செலவு 1,200. எஞ்சும் பங்களிப்பு 1,200. வெட்டும் நேரம் 60 நிமிடம். வெண்கல வளையத்தின் பங்களிப்பு 700 ரூபாய், நேரம் 30 நிமிடம். எஃகுத் தாங்கியின் பங்களிப்பு 400 ரூபாய், நேரம் 15 நிமிடம். தேவை முறையே 200, 300, 600. மூன்றையும் முழுமையாகச் செய்ய 500 மணி வேண்டும். 100 மணி குறைகிறது.

ஆபரேட்டரின் மாதச் சம்பளமும் இயந்திரக் கடனின் தவணையும் மாறுபடும் செலவில் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாகத்தைச் செய்தாலும் அவை மாறப்போவதில்லை. அவற்றைப் பாகங்களின்மேல் பங்கிட்டுப் பார்த்தால் தேர்வு திசைமாறிவிடும்.

ஒரு பாகத்திற்கான பங்களிப்பைப் பார்த்தால் அலுமினியக் கூடே முன்னிற்கும். அதையும் வளையத்தையும் முழுமையாகச் செய்து, மீதியுள்ள 50 மணியில் 200 தாங்கிகளைச் செய்தால் மொத்தப் பங்களிப்பு 5,30,000 ரூபாய். மணிக் கணக்கில் பார்த்தால் வரிசை தலைகீழாகும்: தாங்கி மணிக்கு 1,600, வளையம் 1,400, கூடு 1,200. அவ்வரிசைப்படி செய்தால் 5,70,000 ரூபாய். பாடநூல் இங்கே முடிந்துவிடும். மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

பட்டறையில் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது. ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஃபிக்ஸ்சரைக் கழற்றி மாட்ட வேண்டும். வெட்டுகருவிகளை மாற்ற வேண்டும். முதல் பாகத்தை அளந்து சரிபார்க்க வேண்டும். இந்த ‘செட்டிங்’ வேலைக்கு ஒவ்வொரு முறையும் 2 மணி ஆகிறது என்று கொள்வோம். அந்த நேரத்தில் இயந்திரம் எதையும் வெட்டுவதில்லை. ஆனால் அதன் நேரம் கழிந்துகொண்டிருக்கிறது. கூட்டை வாங்குபவர் 50 பாகங்கள் கொண்ட லாட்டாகவும், வளையத்தை வாங்குபவர் 100 கொண்ட லாட்டாகவும் கேட்கின்றனர். தாங்கியை வாங்குபவரோ தம் கிடங்கில் சரக்கைத் தேக்க விரும்பாமல், பன்னிரண்டு பன்னிரண்டாகவே கேட்கிறார்.

இப்போது மணியை முழுமையாக எண்ணினால் வேறு காட்சி தெரியும். பன்னிரண்டு தாங்கிகளுக்கு வெட்டு நேரம் 3 மணி, செட்டிங் 2 மணி, ஆக 5 மணி. பங்களிப்பு 4,800. மணிக்கு 960 ரூபாய்தான். வளையத்தின் லாட்டுக்கு 52 மணியில் 70,000, அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,346. கூட்டுக்கு 52 மணியில் 60,000, மணிக்கு ஏறத்தாழ 1,154. முதலிடத்தில் இருந்த தாங்கி கடைசி இடத்திற்கு இறங்கிவிட்டது.

பாடநூல் வரிசையையே நம்பித் தாங்கியை முதலில் எடுத்த உரிமையாளருக்கு அது மட்டுமே 250 மணியை விழுங்கும். மீதி 150 மணியில் வளையம்கூட 288தான் முடியும். கூட்டுக்கு நேரமே இராது. மொத்தம் 4,41,600 ரூபாய். திருத்திய வரிசையில் வளையமும் கூடும் முழுமையாக முடிந்து, எஞ்சும் 36 மணியில் ஏழு லாட் தாங்கிகளும் செய்யலாம், மொத்தம் 4,83,600. தாளில் தெரிந்த 5,70,000 இரண்டு வழியிலும் வராது. தாளுக்கும் நடப்புக்கும் இடையில் மாதந்தோறும் இப்படியொரு பள்ளம் விழுந்தால், மணி தவறாக எண்ணப்படுகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

இதிலிருந்து பெறும் முடிவு, செட்டிங் நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. மணிக்கான பங்களிப்பு என்பது பொருளின் பிறவிக் குணம் அன்று. அது எவ்வாறு கேட்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. அதே தாங்கியை 60 பாகங்கள் கொண்ட லாட்டாகத் தர வாங்குபவர் இசைந்தால், 17 மணியில் 24,000 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 1,412. அது மீண்டும் முதலிடத்திற்கு ஏறிவிடும். ஆகவே எதை விடுவது என்று முடிவெடுக்கும் முன், லாட் அளவைப் பற்றி வாங்குபவருடன் பேசுவதும், செட்டிங் நேரத்தைக் குறைப்பதும் உரிமையாளரின் கடமையாகிறது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ செட்டிங் நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கும் முறையை வகுத்தார். இத்தகைய பட்டறைக்கு அதன் பயன் நேரடியாகப் பணமாகவே தெரியும்.

விதியின் எல்லையையும் சொல்ல வேண்டும். தட்டுப்பாடு ஒரே இயந்திரத்தில் இருக்கும்வரைதான் ஒற்றை வரிசை செல்லும். வி.எம்.சி.யோடு அரைப்பு இயந்திரமும் நிரம்பி வழிந்தால், ஒன்றின் மணியில் முதலாவது வரும் பொருள் மற்றொன்றின் மணியில் கடைசியாக வரலாம். லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகைத் தொழில்நிறுவனம் ஒன்று கொண்டுவந்த, மூலப்பொருளை இயந்திரங்களுக்குப் பங்கிடும் சிக்கலில் இருந்தே லியோனிட் கண்டரோவிச் 1939இல் நேரியல் திட்டமிடலின் அடிப்படையை வகுத்தார்; 1975இல் டியாலிங் கூப்மன்ஸுடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல தட்டுப்பாடுகள் சேர்ந்து நிற்கும்போது ஒவ்வொரு வளத்தின் மணிக்கும் ஒரு நிழல் விலை உண்டு என்ற கருத்து அவ்வழியில் வந்ததே.

ஒற்றை இயந்திரப் பட்டறையிலும் அந்த நிழல் விலைக்கு வேலை உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கடைசியாக இடம்பெறுவது பன்னிரண்டு பாகத் தாங்கி லாட். ஆகவே அம்மாதத்தில் ஒரு மணியின் விலை ஏறத்தாழ 960 ரூபாய். செட்டிங் உட்பட 3 மணி கேட்டு 2,500 ரூபாய் பங்களிப்புத் தரும் புதிய ஆணை வந்தால், மணிக்கு 833தான் தேறும். லாபம்போல் தோன்றினாலும் அது நட்டமே. விலையை உயர்த்திக் கேட்க வேண்டும், இல்லையேல் மறுக்க வேண்டும். இயந்திரம் சும்மா நிற்கும் மாதத்திலோ மணியின் நிழல் விலை சுழியம்; அதே ஆணையை மகிழ்ந்து ஏற்கலாம்.

ஆதலால் இப்பாடத்தின் வினா மாற வேண்டும். ‘ஒரு பாகத்திற்கு 15 நிமிடம்’ என்று எண்ணைக் கையில் கொடுப்பதற்கு மாறாக, ஒரு வார இயந்திரப் பதிவேட்டைக் கொடுத்து, வெட்டியது எவ்வளவு, செட்டிங்கில் போனது எவ்வளவு, எந்த இயந்திரத்தின் முன் வேலை தேங்கியது என்று மாணவரையே கண்டறியச் செய்யலாம். வகுத்தல் கணக்கைப் பள்ளியிலேயே கற்றுவிட்டார்கள். எதனால் வகுப்பது என்பதைத்தான் பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டும்.