ஜெராக்ஸ் அட்டவணையும் எட்டு வாரமும்

ஜனவரி பிறந்தால் எங்கள் ராசிபுரம் பக்கம் ஒரு தாள் வீடு வீடாகச் சுற்ற ஆரம்பிக்கும். விடுதிப் பள்ளி ஒன்றின் பிளஸ் டூ கால அட்டவணை. காலை ஐந்து மணிக்கு எழுவதில் தொடங்கி இரவு பத்தரைக்குப் படுப்பது வரை கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். ஆறு பாடம், தினமும் ஆறும். யாரோ ஒருவருடைய பிள்ளை அங்கே படித்து நல்ல மார்க் வாங்கியிருப்பான். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் நம் பிள்ளையும் வாங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

எதிர்வீட்டு லாரி புக்கிங் ஆபீஸ்காரரும் அதைக் கொண்டு வந்தார். "ஏனுங்க ஐயா, பொண்ணுக்கு இதையே போட்டுக் கொடுத்துருங்க, நீங்க சொன்னா கேப்பா" என்றார். நான் மாட்டேன் என்றேன். அன்று வாயால் சொன்ன காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியது ஊரறிந்த சங்கதி. அதற்குக் கடிவாளம் போடத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அப்படி ஒரே பாடத்தை மூன்று முறை முடித்த பிள்ளைக்கு, கடைசி எட்டு வாரத்தில் தினமும் ஆறு பாடத்தையும் அரை மணி, முக்கால் மணி புரட்டினால் போதும். அதாவது அந்த அட்டவணை ஒரு நீண்ட கதையின் கடைசிப் பக்கம். முதல் பக்கங்களைப் படிக்காத பிள்ளைக்குக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கிறோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு தமிழக அரசு வேலை, சேலம், நாமக்கல் என்று காலம் ஓடிவிட்டது. அந்தப் பிரெஞ்சுப் படிப்பில் 'கொயெஃபிசியான்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெருக்கு எண். கணக்குப் பிரிவுக்காரனுக்குக் கணக்கு மார்க்கைப் பெரிய எண்ணால் பெருக்குவார்கள், வேறொன்றைச் சின்ன எண்ணால். அதனால் எல்லாப் பாடத்துக்கும் சம நேரம் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. இங்கே ஆறும் நூறு மார்க் என்பதால் ஆறுக்கும் ஒரே நேரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெருக்கு எண் பிள்ளையின் விடைத்தாளிலேயே இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

"கண்ணு, அரையாண்டு விடைத்தாளையெல்லாம் எடுத்துட்டு வா" என்றேன். ஆறையும் கொண்டு வந்தாள்.

முதலில் நேரத்தை எண்ணினோம். எட்டு வாரம் என்பது 56 நாள். அதில் ஞாயிறு எட்டு போக 48. பொங்கலுக்கு மூன்று நாள், மூன்று அறிவியல் பாடங்களின் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள், பள்ளியில் நடக்கும் இரண்டு திருப்புதல் தேர்வுகளுக்குப் பன்னிரண்டு நாள். மீதி 30. பள்ளி விட்டு வந்து சாப்பாடு, குளியல் போக ஒழுங்காகக் கிடைப்பது மூன்று மணி நேரம். ஆக 90. ஞாயிறுக்கு ஐந்து மணி வீதம் 40. மொத்தம் 130 மணி நேரம். "அவ்வளவுதானா தாத்தா?" என்று அவள் முகம் வாடிவிட்டது. அவளுடைய அப்பா கொண்டு வந்த தாளின்படி கூட்டினால் எண்ணூறு மணி நேரம் வருகிறது. பொய்யான பெரிய எண்ணைவிட மெய்யான சின்ன எண் மேல்.

அடுத்து, எழுத்துத் தேர்வில் இழந்த மார்க்கை எண்ணினோம். 90க்குத் தமிழில் 12, ஆங்கிலத்தில் 20, கணக்கில் 49. 70க்கு இயற்பியலில் 37, வேதியியலில் 22, உயிரியலில் 12. கூட்டினால் 152. அந்த விகிதத்தில் 130 மணி நேரத்தைப் பிரித்தால் கணக்குக்கு 42, இயற்பியலுக்கு 32, வேதியியலுக்கு 19, ஆங்கிலத்துக்கு 17, தமிழுக்கும் உயிரியலுக்கும் பத்துப் பத்து. சமமாகப் பிரித்திருந்தால் கணக்குக்கு 22 மணி நேரம் கூட வந்திருக்காது. தமிழுக்கு அதே 22 போயிருக்கும்.

இதுவும் வெறும் முதல் கணக்குத்தான். இழந்த மார்க் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. இயற்பியல் தாளை எடுத்து ஒவ்வொரு சிவப்பு மைக்கும் காரணம் எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் பேனாவைக் கடித்தாள். முடிவில், பாடமே தெரியாததால் போனது 15. ஒரு காலத்தில் தெரிந்து மறந்துபோனது 14. படம் போடாதது, அலகு விட்டது, கடைசி ஐந்து மார்க் கேள்விக்கு நேரம் இல்லாதது என்று 8. முதல் வகைக்குப் புதிதாகப் படிக்க வேண்டும். மூன்றாவது வகைக்குப் படித்துப் பயனில்லை, கடிகாரம் வைத்து எழுத வேண்டும். இரண்டாவது வகையில்தான் ஊரே ஏமாறுகிறது.

மறந்ததை மறுபடி வாசித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். விடுதியில் இரவு பத்து மணிக்குச் சத்தம் போட்டுப் படிப்பது அதுதான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஜெயித்தார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே மாலை மூன்று மணி நேரத்தை இப்படிப் போட்டோம். கணக்கோ இயற்பியலோ ஒன்றரை மணி நேரம், எழுதித்தான். பிறகு கால் மணி ஓய்வு. லேசான பாடம் ஒன்று முக்கால் மணி. கடைசி அரை மணி பழைய பாடத்துக்கு, அதுவும் வெள்ளைத் தாளும் பேனாவும் மட்டும். திங்கள் நிலைமின்னியல் முடித்தால் வியாழன் அதைப் பார்க்காமல் எழுத வேண்டும், பிறகு அடுத்த வியாழன், பிறகு மூன்று வாரம் கழித்து. இரண்டாம் முறையும் பாதித் தாள் நிரம்பவில்லை என்றால் அந்தப் பாடம் படிக்கப்படவில்லை என்று பொருள், மறுபடி முதலிலிருந்து. ஞாயிறு மூன்று மணி நேரம் ஒரு முழு வினாத்தாள், இரண்டு மணி நேரம் திருத்தம்.

சனிக்கிழமையைக் காலியாக விட்டேன். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "சனிக்கிழமை சும்மாவா இருக்கிறதுங்க?" என்றார். ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் தன்பதிவேடு எழுதியவன் நான். நிலுவைக்கு இடம் விடாத பதிவேடு மூன்றாம் வாரமே பொய் சொல்ல ஆரம்பிக்கும். குமாஸ்தா முடிக்காத கோப்பை முடித்ததாக எழுதுவான், பிள்ளை படிக்காத பாடத்துக்கு டிக் போடும். சனிக்கிழமை நிலுவைக்கு. நிலுவை இல்லையென்றால் வேதியியல். இரண்டு சனிக்கிழமை தாண்டியும் தீராத நிலுவை இருந்தால் அட்டவணைதான் தவறு, நேரத்தைக் குறைத்துப் போட்டுத் திருத்த வேண்டும்.

ஏழாவது வாரத்திலிருந்து புதுப் பாடம் கிடையாது என்றும் எழுதினேன். தேர்வு வழக்கமாகத் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகும் என்பதால் கடைசி நாட்கள் அவற்றுக்கு. மற்றப் பாடங்களுக்கு இடையில் வரும் விடுமுறை நாட்கள் உண்டு. அதற்கும் இப்போதே தேதி போட்டு வைத்தோம்.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் அவர் மறுபடி வந்தார். கையில் நான் எழுதிய தாள். மச்சினன் மகனும் பிளஸ் டூவாம், திருச்செங்கோட்டில் இருக்கிறானாம். "இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுங்களா?"

அவனுடைய ஆறு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.