மேகம் செய்வோம், வாங்க!

புளியங்குடியில ஒரு எலுமிச்சைத் தோப்பு. சாயங்காலம் நாலரை மணி. மேற்கே பார்த்து ஒரு போட்டோ. முன்னால மரங்கள், பின்னால மேற்குத் தொடர்ச்சி மலை. எல்லாம் ஓகே. வானம் மட்டும் வெள்ளைப் பேப்பர்! மரத்துக்கு ஏத்த எக்ஸ்போஷர், வானத்துக்கு ரொம்ப அதிகம்.

வேற வானத்தை வெட்டி ஒட்டலாமேங்கிறீங்களா? மரத்தோட நிழலைப் பாருங்க. உங்களை நோக்கி விழுது. அப்படின்னா சூரியன் மேகத்துக்குப் பின்னால இருக்கு. மதியம் எடுத்த மேகத்துல உச்சி பளிச்னு, அடி மங்கலா இருக்கும். இங்க ஒட்டினா ஒட்டாது. பொருத்தமான படம் கிடைக்கலைன்னா வரைய வேண்டியதுதான்.

ஃபோட்டோஷாப்ல ஒரு லேயர் குரூப் போட்டு, அதோட மோடை Multiply-க்கு மாத்துங்க. இனி எல்லாம் அதுக்குள்ளதான். வெள்ளை இருந்த இடத்துல உங்க வானம் தெரியும், கறுத்த இலை நுனி கறுப்பாவே நிக்கும். இலை இலையா வெட்டுற வேலை மிச்சம். மலையில நீலம் ஏறினா, அங்க மட்டும் மாஸ்க் போட்டு மறைங்க. அடுத்து கிரேடியன்ட்: மேலே நீலம், மலைப்பக்கம் வெளிறின நிறம்.

இப்போ பிரஷ். மெத்துன்னு இருக்கிற வட்ட பிரஷ்ஷை எடுத்தா பஞ்சு மிட்டாய்தான் வரும். ஓரம் சொரசொரப்பான பிரஷ் எடுங்க. F5 தட்டி, Shape Dynamics-ல Size Jitter, Angle Jitter ரெண்டையும் 100% வைங்க. ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழாது. Flow 10% போதும்.

முதல்ல மேகத்தோட உடம்பு. நிறம் வெள்ளை இல்லை, சாம்பல் நீலம்! அடிப்பாகம் தட்டையா இருக்கட்டும். மேலே போற காத்து குளிர்ந்து, கிட்டத்தட்ட ஒரே உயரத்துலதான் ஈரம் மேகமாகத் தொடங்கும். அதான் தட்டை. மலைக்குப் பக்கத்துல சின்னதா, ஒல்லியா, நெருக்கமா வரைங்க. மேலே வர வர பெரிசா, இடைவெளி விட்டு.

கடைசியா வெளிச்சம். மேகத்தோட ஓரம் மெலிசு, சூரிய ஒளி ஊடுருவும். நடு தடிமன், இருட்டாவே இருக்கும். அதனால சூரியன் இருக்கிற பக்க ஓரத்துல மட்டும், சின்ன பிரஷ்ஷால மஞ்சள் கலந்த வெள்ளை. கோட்டை அங்கங்கே உடைச்சு விடுங்க. சுத்தி முழுக்க இழுத்தா, மேகம் ஸ்டிக்கர் ஆயிடும்.

முடிஞ்சதா? படத்தை இடவலமா திருப்பிப் பாருங்க. ஒரே வடிவம் ரெண்டு தடவை வந்திருந்தா உடனே கண்ணுல படும். அப்புறம் 100% அளவுல வச்சுப் பாருங்க. மரத்துல புள்ளி புள்ளியா இருக்கும், வானம் மட்டும் மொழுமொழுன்னு இருக்கும். Add Noise-ல 1 அல்லது 2% கொடுங்க, ரெண்டும் ஒண்ணாயிடும்.

நிழலே விழாத போட்டோன்னா? அன்னிக்கு வானம் முழுக்க மூடியிருந்திருக்கு. அதுக்கு இந்தப் பளிச் ஓரமே வேண்டாம். சாம்பல்லயே ரெண்டு மூணு அடுக்கு, அவ்வளவுதான்.