குறையைப் பார்த்துக் கைத்தறி என்று சொல்லாதீர்கள்!

"கைத்தறின்னா அப்படித்தான் தம்பி, கொஞ்சம் கோணல்மாணலாத்தான் இருக்கும். அதுதான் அதுக்கு அடையாளமே!"

பெட்ஷீட் வாங்கப் போன இடத்தில் இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? நூல் தடித்திருந்தால் கைத்தறி, முடிச்சு தெரிந்தால் கைத்தறி, கோடு வளைந்திருந்தால் அசல் கைத்தறி! நம்ம ஆளுங்களும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வருகிறார்கள். தோழர்களே, இந்த நம்பிக்கை தவறு என்பதே என் கருத்து. தவறு என்பதோடு நிற்கவில்லை, ஏமாற்றுகிறவனுக்கு நாமே சாவியைக் கொடுப்பதும் இதுதான்.

ஏன் என்கிறீர்களா? தடித்தும் மெலிந்தும் ஓடுகிற நூலை ஸ்பின்னிங் மில்லிலேயே திட்டமிட்டு நூற்கிறார்கள். ஸ்லப் நூல் என்று அதற்குப் பெயர். அதை விசைத்தறியில் போட்டால் நிமிடத்துக்கு நூறு ஊடைக்கு மேல் ஓட்டி, 'கைத்தறி மாதிரி' துணியை மலை மலையாக எடுத்துவிடலாம். இன்னொரு பக்கம், சென்னிமலையில் நல்ல கை உள்ள நெசவாளி நெய்த விரிப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு முடிச்சு கண்ணில் படாது. குறையைத் தேடுகிற வாடிக்கையாளர் அந்த நல்ல விரிப்பை 'மெஷின் மாதிரி இருக்கே' என்று ஒதுக்கிவிட்டு, ஸ்லப் நூல் விரிப்பைத் தூக்கிக்கொண்டு போவார். திறமையாக நெய்தவருக்குத் தண்டனை, வேஷம் போட்டவனுக்குப் பரிசு. இது என்ன நியாயம்?

சரி, அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. ஒரு ஸ்டீல் ஸ்கேலும் கொஞ்சம் பொறுமையும் சேர்ந்தால் நான்கைந்து குளோசப் படங்களில் விஷயம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் விடுதியிலேயே 'கைத்தறி' என்று சொல்லி வாங்கிய மூன்று சிங்கிள் பெட்ஷீட்டுகளை, அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலம், கட்டில் மேல் விரித்துப் படம் எடுத்தோம். மூன்றும் கட்டம் போட்டவை. அந்த மூன்றை வைத்தே சொல்கிறேன்.

முதல் கேள்வி: இந்தக் கட்டம் நெய்ததா, அச்சடித்ததா?

இதற்குத் துணி முழுவதையும் பார்க்க வேண்டாம். ஒரே ஓர் இழையைப் பின்தொடருங்கள், போதும். நெய்த கட்டத்தில் நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றியிருப்பார்கள். சிவப்பு இழை என்றால் அது துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை சிவப்பாகவே ஓடும். நீல இழைக்கு அடியில் நுழைந்தாலும், மறுபடி மேலே வரும்போது அதே சிவப்பு. அச்சடித்த கட்டத்தில் வெள்ளைத் துணியின் மேல் சாயம் விழுகிறது. அதனால் ஒரே இழை சிவப்புக் கட்டத்துக்குள் சிவப்பாகவும், கட்டத்தைத் தாண்டியதும் வெள்ளையாகவும் இருக்கும். நிறத்தின் எல்லை இழையின் ஓரத்தில் நிற்காமல் இழையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

சிலர் 'பின்பக்கம் வெளுத்திருந்தால் பிரிண்ட்' என்பார்கள். கெட்டித் துணிக்கு அது சரி. மெல்லிய துணியில் சாயம் மறுபக்கம் வரை ஊறிவிடும், அந்தச் சோதனை கைவிட்டுவிடும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் படம் எடுங்கள். அச்சடித்த துணியின் இழையில் சாயம் புள்ளி புள்ளியாக, விட்டு விட்டு இருக்கும். மேலே தெரிந்த இடத்தில் சாயம், அடுத்த இழைக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் வெளுப்பு. எங்கள் மூன்றில் ஒரு விரிப்பு இந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது. உருவிய இழை எறும்பு வரிசை மாதிரி இருந்தது!

இங்கே ஒரு எச்சரிக்கை. போச்சம்பள்ளி, சம்பல்பூர் போன்ற ஊர்களின் இக்கத் விரிப்புகளிலும் ஒரே இழை நிறம் மாறும். நெய்வதற்கு முன்பே நூலை அங்கங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பதால் வருவது அது. அந்த இழையை முறுக்கு அவிழ்த்துப் பார்த்தால் உள்ளேயும் சாயம் ஏறியிருக்கும், எறும்பு வரிசை இருக்காது. அவசரப்பட்டு அதைப் பிரிண்ட் என்று சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: நீளவாட்டு ஓரம் எப்படி முடிகிறது?

நம் தறிகளில் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. ஊடை நூல் அறுபடாமல் ஓரத்தில் வளைந்து அடுத்த வரிசைக்குள் நுழையும். ஓரத்தை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்தால் குட்டிக் குட்டி வளைவுகளாகத் தெரியும். ரேப்பியர் போன்ற நாடா இல்லாத தறிகளில் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வெட்டப்படுகிறது. பெரும்பாலும் ஓரத்தில் நூல் நுனிகள் குஞ்சம் போல நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றைப் பிடித்து நிறுத்த இரண்டு மூன்று நூல்கள் முறுக்கிக்கொண்டு ஓடும். அசிங்கமாக இருக்கும் என்பதால் அதை மடித்துத் தைத்துவிடுவார்கள். விரிப்பின் தலைமாட்டையும் கால்மாட்டையும் தைப்பது சகஜம். நீளவாட்டு ஓரத்தையும் தைத்திருந்தால் 'எதை மறைக்கிறீர்கள்?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எங்கள் இரண்டாவது விரிப்பில் தையலை ஓர் அங்குலம் பிரித்தோம். உள்ளே குஞ்சம் சிரித்தது. விடுதியில் எல்லோரும் 'இதுதான்டா அசல் கைத்தறி' என்று சத்தியம் செய்த ஸ்லப் நூல் விரிப்பு அது!

ஆனால் இத்தோடு வேலை முடியவில்லை. நாடா ஓடும் விசைத்தறியிலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் அப்படிப்பட்ட தறிகளின் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். ஆகவே நல்ல ஓரம் இருந்தால் ரேப்பியர் இல்லை என்று சொல்லலாம், கைத்தறிதான் என்று சொல்ல முடியாது. அதற்கு மூன்றாவது கேள்வி தேவை.

மூன்றாவது கேள்வி: ஊடையின் நெருக்கம் துணி நெடுக எப்படி இருக்கிறது?

கைத்தறியில் ஊடையை அடித்து நெருக்குவது நெசவாளியின் கை. சில அங்குலம் நெய்ததும் பாவைத் தளர்த்தி, துணியைப் படைமரத்தில் சுற்றி, மறுபடி இழுத்துக் கட்டுவார். ஒவ்வொரு முறையும் பாவின் இழுவை கொஞ்சம் மாறும், அடியின் பலமும் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. அதனால் நெருக்கம் மெதுவாக ஏறி இறங்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, எண்ணினால்தான் தெரியும். விசைத்தறியில் ஒவ்வொரு ஊடைக்கும் பல்சக்கரம் துணியை ஒரே அளவு சுற்றிக்கொண்டே போகும்.

எண்ணுவது எப்படி? விரிப்பைச் சுருக்கமில்லாமல், இழுக்காமல் விரியுங்கள். தலைமாட்டிலிருந்து ஓர் அடி தள்ளித் தொடங்கி, பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து இடங்களில் ஸ்கேலைப் பாவு ஓடும் திசையில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும், அப்போதுதான் இழை ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்து எண்ண முடியும். ஓர் அங்குலம் எண்ணினால் ஒன்றிரண்டு தவறும், ஆகவே இரண்டு அங்குலம் எண்ணுங்கள். எங்கள் இரண்டாவது விரிப்பில் கிடைத்தது 88, 88, 89, 88, 88. கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கிய மூன்றாவதில் 80, 84, 79, 83, 81. எண்களே பேசுகின்றன. குறுக்கே ஒரே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தறி நின்று ஓடிய இடம் அது, இரண்டு வகைத் தறியிலும் வரும்.

அதே மூன்றாவது விரிப்பின் இரண்டு ஓரங்களிலும் சில அங்குலத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஊசித் துளைகள் தெரிந்தன. துணி அகலம் சுருங்காமல் விறைப்பாக நிற்க, நுனியில் ஊசி வைத்த டெம்பிள் கட்டையை நெசவாளி குத்தி வைத்து, நெய்ய நெய்ய நகர்த்துவார். அதன் தடம் அது. விசைத்தறியில் ஊசி வளையம் சுற்றிக்கொண்டே இருப்பதால் துளைகள் விட்டு விட்டு வராமல் வரிசையாக ஓடும். இரண்டு சலவை ஆனால் இந்தத் துளைகள் மூடிக்கொள்ளலாம், எனவே புதுத் துணியில் பார்ப்பதே நல்லது.

இப்படி எல்லாம் பார்த்தாலும் நூற்றுக்கு நூறு சொல்லிவிட முடியுமா? முடியாது. துணியைத் தானாகச் சுற்றும் அமைப்பு பொருத்திய கைத்தறிகள் உண்டு, அவற்றில் எண்ணிக்கை கிட்டத்தட்ட விசைத்தறி போலவே சீராக வரும். ஆகவே எண்ணிக்கை ஏறி இறங்கினால் கைத்தறிக்கு நல்ல சாட்சி. சீராக வந்தால் உடனே 'போலி' என்று கத்தாமல், கைத்தறி முத்திரையையும் பில்லையும் கேளுங்கள். 2006-ல் வந்த அந்த முத்திரை துணியோடு சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு பெட்ஷீட்டுக்கா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. இன்று அந்தப் பட்டியலில் மீதி இருப்பது பதினொன்று, குறிப்பிட்ட வகைப் படுக்கை விரிப்பும் அதில் ஒன்று. விரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் நெசவாளி. அவர் பெயரைச் சொல்லி விசைத்தறித் துணி விற்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய ஒரு விரிப்பு சங்கத்துக் கிடங்கிலேயே தங்கிவிடுகிறது. விசைத்தறிக்காரரும் நம் ஊர்த் தொழிலாளிதான், அவர் துணியை அவர் பெயரிலேயே விற்கட்டும், தாராளமாக வாங்குவோம்.

எனவே கடைக்காரரோ, தெருவில் மூட்டை சுமந்து வருபவரோ, படம் அனுப்பி விற்பவரோ, யாராக இருந்தாலும் ஒரே ஒரு அழகான குளோசப்பைக் காட்டினால் மயங்காதீர்கள். உருவிய இழை ஒரு படம், தைக்காத ஓரம் ஒரு படம், ஸ்கேல் வைத்த நெசவு ஐந்து படம் கேளுங்கள். கைத்தறி வைத்திருப்பவர் சந்தோஷமாகக் காட்டுவார். 'கோணலா இருக்கு பாருங்க, அதுதான் அடையாளம்' என்று மறுபடி ஆரம்பித்தால், அண்ணே, அந்தக் கோணல் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்!